ஐந்து புள்ளி, பதின்மூன்று ஓட்டை: சிக்குக் கோலத்தை அட்டையில் வெட்டும் விதம்

மார்கழி பிறக்கும் முன்பே எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பிளாஸ்டிக் கோல அச்சுகள் தொங்க ஆரம்பித்துவிடும். தாமரை, மயில், குத்துவிளக்கு, பொங்கல் பானை என்று எல்லாம் கிடைக்கும். சிக்குக் கோலத்தைத் தேடினால் மட்டும், பொடிப்பொடித் துளைகளாகப் போட்ட தட்டுதான் வரும். முழுக் கோடாக வெட்டிய சிக்குக் கோல அச்சு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. காரணம் தெரியாமல் நானே ஒன்று வெட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். புதுச் சட்டைப் பெட்டியில் இருந்த அட்டையை எடுத்து, 1-3-1 புள்ளி வைத்து, கோட்டைச் சுற்றி அழகாக அறுத்துக்கொண்டே வந்தேன். கடைசி வெட்டு முடிந்ததும் ஐந்து துண்டுகள் பொலபொலவென்று தரையில் விழுந்தன. கையில் மிஞ்சியது பூ வடிவில் ஒரே ஒரு பெரிய ஓட்டை.

சிக்குக் கோலத்தில் கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைத்துக்கொள்ளும். கோட்டை வெட்டி எடுத்தால், புள்ளி இருக்கும் நடுத்துண்டை எதுவும் தாங்குவதில்லை. அது விழாமல் இருக்க வேண்டுமானால் கோட்டின் குறுக்கே அங்கங்கே கொஞ்சம் அட்டையை வெட்டாமல் விட வேண்டும். இதை நான் பிடிப்பு என்று சொல்வேன். பிடிப்பை எங்கே விடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கண்ட இடத்தில் விட்டால் கோலம் எலி கடித்த மாதிரி இருக்கும். சரியான இடத்தில் விட்டால் கோலத்துக்கே அது ஓர் அழகு.

இந்தக் கட்டுரையில் அந்த ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே அட்டையால் வாசல், திண்ணைச் சுவர், துணி மூன்றிலும் போடும் வரை போகலாம். இது கைவந்தால் பெரிய கோலத்துக்கும் இதே வழிதான்.

பிடிப்பு எங்கே

தென்னங்கீற்று முடைவதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் ஓலை ஒன்றின் மேலே போனால் அடுத்ததன் கீழே போகும். சிக்குக் கோலத்தின் கோட்டையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் விரலை வைத்துக் கோட்டோடு நடங்கள். முதல் சந்திப்பில் மேலே, அடுத்ததில் கீழே, அதற்கடுத்ததில் மேலே என்று மாறி மாறிப் போங்கள். கீழே போகும் கோட்டை மட்டும், மேலே போகும் கோட்டுக்கு இரு பக்கமும் கொஞ்சம் வெட்டாமல் விட வேண்டும். அந்த இடைவெளிதான் பிடிப்பு. கோலத்தைப் பார்ப்பவர் கண்ணுக்குக் கோடு அறுந்ததாகத் தெரியாது. ஒன்றின் அடியில் இன்னொன்று நுழைந்து போவதாகத்தான் தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், மாறி மாறிப் போவதால் இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு கோட்டுத் துண்டிலும் சரியாக ஒரு பிடிப்பு வந்துவிடும். ஒரு முனை மேல், மறு முனை கீழ். கீழ் முனையில் பிடிப்பு. ஆகவே எந்த நடுத்துண்டும் ஒரு பிடிப்பாவது இல்லாமல் தனித்துப் போகாது. பதினைந்து புள்ளிக் கோலமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஐந்து புள்ளிக் கோலத்தில் நான்கு சந்திப்புகள். நடுப்புள்ளிக்கும் சுற்றியுள்ள நான்கு புள்ளிகளுக்கும் இடையே ஒவ்வொன்று. ஒரு சந்திப்புக்கு இரண்டு என்று எட்டுப் பிடிப்புகள். அவற்றில் நான்கு நடுப்புள்ளித் துண்டைத் தாங்கும், அது கெட்டியாக இருக்கும். மீதி நான்கும் ஓரப் புள்ளிகளுக்கு ஆளுக்கொன்று. இங்கேதான் கவனம் வேண்டும். ஒரே பிடிப்பில் தொங்கும் துண்டு காற்றில் ஆடும் இலை மாதிரி ஆடும். வர்ணம் தொட்ட பிரஷ் பட்டதும் நிமிர்ந்துகொள்ளும், நாலாவது தடவை கிழிந்துவிடும். ஆகவே ஒவ்வோர் ஓரப் புள்ளிக்கும் வெளி வளைவின் உச்சியில் இன்னொரு பிடிப்பு சேர்க்க வேண்டும். ஆக மொத்தம் பன்னிரண்டு.

என் பெரியம்மாவிடம் முதல் தாளைக் காட்டியபோது, "ஏண்டி, கோலத்த இப்படித் துண்டு துண்டா அறுத்து வச்சிருக்கே, இழை விடலாமா?" என்று கேட்டார். கோலத்தில் இழை விட்டுப்போகக் கூடாது என்பது அவர் தலைமுறையின் கண்டிப்பு. தரையில் போட்டுக் காட்டியதும் சந்திப்புகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உச்சியில் இருந்த நான்கு இடைவெளிகளை மட்டும் மாவைத் தொட்டு விரலால் இழுத்து மூடிவிட்டுப் போனார். நானும் அன்றிலிருந்து அப்படியே செய்கிறேன்.

அட்டையும் எண்ணெயும்

அட்டை அதிகத் தடிமனாக இருக்கக் கூடாது. தினசரி நாள்காட்டியின் பின்னால் இருக்கும் அட்டை வீட்டில் சும்மா கிடக்கும், ஆனால் அது வேண்டாம். அதை அறுக்க ஒரே இடத்தில் நாலு தடவை இழுக்க வேண்டும், வளைவு கோணலாகும். தடித்த ஓரத்தின் அடியில் வர்ணமும் தேங்கும். சார்ட் பேப்பர் இதற்கு நேர்மாறு, இரண்டாவது தடவையே நனைந்து தொய்யும். ஆபீஸ் ஃபைல் அட்டை அல்லது சட்டைப் பெட்டி அட்டைதான் சரி. விரலால் மடக்கினால் வளைய வேண்டும், விட்டால் நிமிர வேண்டும், அந்தப் பதம்.

வெறும் அட்டை தண்ணீரைக் குடித்துவிடும். திரும்பத் திரும்பப் பயன்பட அதற்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். பெயிண்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். ஆளி விதை எண்ணெய்தான் அது. சமையலறைத் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ உதவாது. ஆளி விதை எண்ணெய் காற்றை உறிஞ்சிக் கெட்டியாகி அட்டைக்குள்ளேயே உறைந்துவிடும். மற்றவை காயவே காயாமல் பிசுபிசுவென்று இருந்து, துணியில் வைத்தால் எண்ணெய்க் கறையாக இறங்கும்.

26 சென்டிமீட்டர் சதுரத்தில் அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பழைய துணியால் எண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் ஒன்றிரண்டு நாளில் காயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலைந்து நாள்கூட ஆகும். ஆகவே பொங்கலுக்கு வேண்டுமென்றால் கடைசி வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். தொட்டால் கையில் ஒட்டாமல், வாசனை குறைந்து, அட்டை லேசாக ஒளி ஊடுருவும்படி மாறியிருந்தால் தயார்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது ஒரு வாளித் தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

வரைதல்

அட்டையின் நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து மேல், கீழ், இடம், வலம் நான்கு பக்கமும் 6 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொரு புள்ளி. நடுப்புள்ளிக்கும் ஓரப் புள்ளிக்கும் சரிபாதியில், அதாவது 3 சென்டிமீட்டரில், ஒரு பெருக்கல் குறி போடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பெருக்கல் குறிகளை ஸ்கேல் வைத்து நேராகச் சேர்த்தால் நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு சாய்சதுரம் வரும். காம்பஸில் 2.1 சென்டிமீட்டர் எடுத்து, ஒவ்வோர் ஓரப் புள்ளியையும் மையமாக வைத்து வெளிப்பக்கம் வளைவு போடுங்கள். பெருக்கல் குறியின் வெளிக்கால்களை நீட்டினால் அந்த வளைவைத் தொட்டுக்கொண்டு வழுக்கிப் போகும். இதுதான் கோட்டின் நடு. இரு பக்கமும் 4 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு கோடு வரைந்தால், வெட்ட வேண்டிய 8 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கும். கோலத்தின் முழு அகலம் 17 சென்டிமீட்டர் ஆகும். சுற்றிலும் நாலரை சென்டிமீட்டர் வெற்று அட்டை மிஞ்சும், அது அவசியம் வேண்டும். பிரஷ் வழுக்கிப் போனால் சுவரைக் காப்பாற்றுவது அந்த விளிம்புதான்.

இப்போது பிடிப்பு குறிக்க வேண்டும். காகிதத்தை நாலாக மடித்து ஒரே தடவையில் குறித்துவிடலாமே என்று தோன்றும். கோட்டுக்கு அது சரிப்படும், பிடிப்புக்குச் சரிப்படாது. மடித்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக மாறிவிடும். மேல், கீழ் வரிசை கெட்டு, ஒரே கோடு தொடர்ந்து இரண்டு தடவை மேலே போகும். பிடிப்புகளைத் திருப்பித் திருப்பித்தான் குறிக்க வேண்டும். சுலபமான வழி சொல்கிறேன். ஒரு சந்திப்பு உங்களுக்கு எதிரே மேலே இருக்கும்படி அட்டையை வையுங்கள். வலப்பக்கம் கீழிருந்து இடப்பக்கம் மேலே ஏறும் கோடுதான் மேல் கோடு, அதில் கை வைக்காதீர்கள். அதைக் குறுக்கே வெட்டும் மற்ற கோட்டில், மேல் கோட்டை ஒட்டி இரு பக்கமும் 5 மில்லிமீட்டர் பென்சிலால் நிழலடித்து வையுங்கள். அட்டையைக் கால் வட்டம் திருப்புங்கள். அடுத்த சந்திப்பு மேலே வரும், அதிலும் அதேதான். நான்கு திருப்பில் முடிந்துவிடும். பிறகு நான்கு உச்சிகளிலும் 5 மில்லிமீட்டர் நிழல்.

நிழல் இல்லாத இடமெல்லாம் ஓட்டை. எண்ணிப் பாருங்கள். நீளமான கொக்கி மாதிரி நான்கு, குட்டையான வளைவு நான்கு, புள்ளி ஐந்து, மொத்தம் பதின்மூன்று வர வேண்டும். பன்னிரண்டு வந்தால் எங்கோ ஒரு பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. பதினான்கோ பதினைந்தோ வந்தால் மேல் கோட்டிலும் பிடிப்பு குறித்துவிட்டீர்கள். கத்தியை எடுக்கும் முன் இந்த எண்ணிக்கையைக் கட்டாயம் பாருங்கள். நான் இரண்டு அட்டைகளைக் குப்பையில் போட்ட பிறகு கற்றுக்கொண்ட வழக்கம் இது.

வெட்டுதல்

அடியில் வைக்க உடைந்த டைல்ஸ் துண்டின் வழவழப்பான பக்கமோ கண்ணாடியோ நல்லது. கத்தி அதில் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும். ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் சிறிய பேப்பர் கட்டர் வாங்கிக்கொண்டு, ஒரு அட்டைக்கு இரண்டு மூன்று தடவை முனையை ஒடித்துவிடுங்கள். வெட்டு ஓரம் பஞ்சுபோலப் பிசிறினால் முனை போய்விட்டது என்று அர்த்தம்.

முதலில் புள்ளிகள். செருப்புத் தைப்பவர்கள் தோலில் துளை போடும் பஞ்ச் இருந்தால் ஒரே தட்டில் சுத்தமான வட்டம் விழும். அதை மட்டும் டைல்ஸ் மேல் வைத்துத் தட்டாதீர்கள், அடியில் ஒரு பலகை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது குட்டை வளைவுகள். நீளமான கொக்கிகள் கடைசியில். பெரிய ஓட்டையை முதலில் போட்டுவிட்டால் அட்டை தளர்ந்துபோய், சின்னதை வெட்டும்போது கூடவே இழுபடும்.

கத்தியை எப்போதும் பிடிப்பின் மூலையில் குத்தி, அங்கிருந்து விலகி இழுங்கள். பிடிப்பை நோக்கி இழுத்தால் நிறுத்த முடியாமல் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். அந்த ஒரு மில்லிமீட்டர் கீறலில்தான் பிற்பாடு கிழியும். வளைவில் கத்தியைத் திருப்பாதீர்கள். கத்தி உங்களை நோக்கி நேராக வரட்டும், இடது கையால் அட்டையைச் சுழற்றுங்கள். முதல் இழுப்பில் முழுக்க அறுபடாவிட்டால் அதே தடத்தில் இன்னொரு தடவை. துண்டைப் பிய்த்து எடுக்கவே கூடாது.

கை தவறிப் பிடிப்பு அறுந்துவிட்டால் பரவாயில்லை. இரண்டு பக்கமும் செலோ டேப் ஒட்டி, ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் டேப்பைக் கத்தியால் நறுக்கிவிடுங்கள். பல சமயம் அது மற்றப் பிடிப்புகளைவிடக் கெட்டியாக இருக்கும்.

வெட்டிய விளிம்பில் எண்ணெய் படாத நார் தெரியலாம். பன்னிரண்டு பிடிப்புகளுக்கும் ஓட்டை ஓரங்களுக்கும் நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவினால் அதுவும் அடைபடும். காய்ந்ததும் அட்டையின் முன்பக்கத்தில் "மேல்" என்று பேனாவால் எழுதிவிடுங்கள். புரட்டிப் போட்டால் இந்தக் கோலம் எதிர்ப்பக்கமாக முடையும், வரிசையில் ஒன்று மட்டும் மாறினால் கண்ணை உறுத்தும். பின்பக்கம் ஒட்டிய வர்ணமும் சுவரில் ஏறிவிடும்.

வாசலில்

தெளித்த வாசலில் தண்ணீர் பளபளப்பு அடங்கும் வரை பொறுங்கள். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. மாவை அள்ளிக் கொட்டாமல் டீ வடிகட்டியில் போட்டு, அட்டைக்கு ஒரு சாண் உயரத்தில் தட்டித் தட்டித் தூவுங்கள். ஓட்டைக்குள் தரை மறைந்தால் போதும். பிறகு, மறந்துவிடாதீர்கள், அட்டையின் மேல் கிடக்கும் மாவை, முக்கியமாகப் பிடிப்புகளின் மேல் இருப்பதை, மெல்லிய பிரஷால் விளிம்பை நோக்கி ஒதுக்குங்கள். ஒதுக்காமல் தூக்கினால் அத்தனையும் கோலத்தின் மேல் சரியும். எதிரெதிர் ஓரங்களில் டேப்பை மடித்து இரண்டு காது ஒட்டிக்கொண்டால், அதைப் பிடித்து நேராக மேலே தூக்கலாம். ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்கினால் மறு விளிம்பு மாவை உரசும்.

அரிசி மாக்கோலமும் போடலாம், ஆனால் கையால் இழைக்கும் பதத்தில் மாவைக் கரைத்தால் அட்டைக்கு அடியில் ஓடிவிடும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, கெட்டித் தயிர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டு, பிழிந்து, ஒற்றி எடுங்கள். அடியில் காவி பூசியிருந்தால் அது முழுக்கக் காய்ந்த பிறகுதான். ஈரக் காவியில் வெள்ளை வைத்தால் இரண்டும் கலந்து ரோஸ் நிறமாகும்.

மார்கழி விடியற்காலைப் பனியில் அட்டை கொஞ்சம் நெளியும். இரண்டு கோலத்துக்கு ஒரு தடவை அடிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிய மாவு அடுத்த கோலத்தில் நிழலாக விழும்.

திண்ணைச் சுவரில்

போகிக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் முதலில் உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். துடைக்காமல் வைத்த வர்ணம் சுண்ணாம்புப் பொடியோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். வர்ணத்துக்கு நான் காவிப் பொடியையே எடுத்துக்கொள்கிறேன். நாலு ஸ்பூன் காவி, ஒரு ஸ்பூன் வெள்ளைப் பசை, கூழ் பதம் வரும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஓர் ஓரத்தில் வைத்துக் காய்ந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள், விரல் சிவந்தால் இன்னும் கொஞ்சம் பசை.

கணக்கு இப்படி. எங்கள் திண்ணைச் சுவர் 12 அடி, அதாவது 366 சென்டிமீட்டர். மூலையில் அட்டை முழுதாகப் படிய வேண்டும், ஆகவே முதல் கோலத்தின் மையம் மூலையிலிருந்து 13 சென்டிமீட்டரில். கடைசிக் கோலமும் அப்படியே. நடுவில் மிஞ்சுவது 340. அதை 20 சென்டிமீட்டராகப் பிரித்தால் 17 இடைவெளி, 18 கோலம். கோலத்துக்குக் கோலம் 3 சென்டிமீட்டர் இடம் இருக்கும். உங்கள் சுவர் இவ்வளவு ஒழுங்காக வகுபடாது. வந்த மிச்சத்தை எல்லா இடைவெளிக்கும் மில்லிமீட்டராகப் பகிர்ந்துவிடுங்கள், யார் கண்ணுக்கும் தெரியாது. கடைசி மூலையில் மொத்தமாகத் தள்ளினால்தான் தெரியும். காவி தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும், அதில் மையங்களைப் பென்சிலால் குறியுங்கள். அட்டையின் நான்கு விளிம்புகளின் நடுவிலும் ஒரு சின்ன முக்கோண வெட்டு இருந்தால் கோட்டின் மேல் பொருத்துவது சுலபம்.

அட்டையின் பாதி 13 சென்டிமீட்டர், பக்கத்துக் கோலத்தின் ஓரமோ மையத்திலிருந்து பதினொன்றரையில் ஆரம்பித்துவிடும். வரிசையாகப் போட்டுக்கொண்டே போனால் ஈரக் கோலத்தின் மேல் அட்டை உட்காரும். ஆகவே 1, 3, 5 என்று ஒற்றைப் படையில் முதலில் போய்விட்டு, காபி குடித்துவிட்டு வந்து, காய்ந்ததைத் தொட்டுப் பார்த்து, 2, 4, 6 போடுங்கள்.

பிரஷ் விஷயத்தில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். நுனி தட்டையான, முடி கெட்டியான குட்டைப் பிரஷ் வேண்டும். பழைய சவர பிரஷை ஒட்ட நறுக்கினால் பிரமாதம். வர்ணத்தைத் தொட்டதும் செய்தித்தாளில் குத்திக் குத்தி, கிட்டத்தட்டத் தீர்ந்துபோச்சு என்று தோன்றும் வரை ஒற்றி எடுங்கள். பிறகு சுவரில் நேராகக் குத்துங்கள், இழுக்காதீர்கள். ஒரு தடவையில் நிறம் ஏறாது, மூன்று சுற்றில் ஏறும். மற்ற கையின் இரண்டு விரல் எப்போதும் அந்தந்த நடுத்துண்டை அழுத்திக்கொண்டிருக்கட்டும்.

தூக்கிப் பார்த்தால் என்ன தவறு என்று கோலமே சொல்லும். சுற்றிலும் எல்லா ஓரமும் கசிந்திருந்தால் பிரஷில் வர்ணம் அதிகம். ஒரே திசையில் எல்லாம் தடித்திருந்தால் அட்டை நகர்ந்திருக்கிறது, மாஸ்கிங் டேப் போதவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கசிந்து மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தால், அங்கே இருக்கும் பிடிப்பு நெளிந்து எழும்பியிருக்கிறது. அதை அட்டையில்தான் சரிசெய்ய வேண்டும். சுவரில் கசிந்ததைக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு தொட்ட மெல்லிய பிரஷால் மூடிவிடலாம்.

துணியில்

புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருக்கும். வர்ணம் கஞ்சியின் மேல் உட்கார்ந்து, முதல் துவைப்பில் கஞ்சியோடு போய்விடும். ஆகவே முதலில் துவைத்து, கஞ்சி போடாமல் இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். அடியில் செய்தித்தாளை அடுக்கி, துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். துணி வர்ணம் எதுவானாலும் தண்ணீர் சேர்க்காதீர்கள். சுவரைவிட இன்னும் காய்ந்த பிரஷ் வேண்டும், ஏனென்றால் நூலிழை தானாகவே ஈரத்தை இழுத்துக்கொண்டு அட்டைக்கு அடியில் கொண்டுபோகும். அதனால்தான் முதல் கோலத்தை அதே துணியின் கத்தரித்த துண்டில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். வேட்டித் துணியில் சுத்தமாக விழுந்தது, நெருக்கமில்லாத கைத்தறித் துண்டில் பூத்துப்போகும்.

ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கத்திலிருந்து பருத்திச் சூட்டில் தண்ணீர் தெளிக்காமல் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம் இஸ்திரி போடுங்கள். வர்ண டப்பாவில் வேறு நேரம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதல் துவைப்பு இரண்டு மூன்று நாள் கழித்து, தனியாக, குளிர்ந்த தண்ணீரில்.

எங்கள் வீட்டு வாசல் திரையில் இந்தக் கோலத்தை ஓரமாக வைத்தபோது உச்சி இடைவெளிகளை மெல்லிய பிரஷால் மூடினேன். அது தப்பு. கையால் தீட்டிய அந்த நான்கு இடமும் தடித்துத் தெரிந்தது. மாவில் விரலால் மூடுவது வேறு, துணியில் அப்படியே விட்டுவிடுவதே நல்லது. அல்லது அதே காய்ந்த பிரஷால், அட்டையை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி வைத்துக் குத்தி மூடலாம்.

எடுத்து வைப்பது

வர்ணம் காயும் முன் அட்டையைத் தட்டையாக வைத்து, ஈர ஸ்பாஞ்சால் ஓட்டையிலிருந்து வெளியே ஒற்றித் துடையுங்கள். குழாயடியில் பிடித்தால் நடுத்துண்டுகள் தண்ணீர் வேகத்தில் முறுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவே, மேலே கனமாக ஏதாவது வைத்து மூடிவிடுங்கள். செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் அடைமழை முடிவதற்குள் வில்லாக வளைந்திருக்கும். அரிசி மாவு தொட்ட அட்டையை ஒரு துகள் மிச்சமில்லாமல் துடைக்க வேண்டும். நான் ஒரு வருஷம் அலட்சியமாக விட்டுவிட்டு, அடுத்த மார்கழியில் எடுத்துப் பார்த்தால் கரப்பான்பூச்சி ஓரமெல்லாம் கொறித்து வைத்திருந்தது.

ஓட்டை ஓரம் தொட்டால் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருந்தால் அட்டை தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டது. நகப்பூச்சு இன்னொரு சுற்று தடவலாம். அதற்கும் கேட்காவிட்டால் புதிதாக வெட்ட வேண்டியதுதான். ஆகவே முதல் அட்டையில் வர்ணம் தொடும் முன்பே, அதை இன்னோர் எண்ணெய் ஊட்டிய அட்டையின் மேல் வைத்துப் பென்சிலால் ஓட்டைகளை வரைந்து, வெட்டாமல் பத்திரமாக வைத்துவிடுங்கள். அதிலும் "மேல்" என்று எழுதி.